பேசிவிட்டு வா, பேசி முடித்துவிட்டு வா: புதிய பிரதிநிதிக்கு எழுதும் அங்கீகாரக் கடிதம் எப்படி வேலை செய்கிறது?

"இன்று முதல் இவர் எங்கள் நிறுவனத்தின் பிரதிநிதியாகச் செயல்படுவார். இவருக்குத் தேவையான ஒத்துழைப்பை நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அலுவலகங்களில் ஆத்தரைசேஷன் லெட்டர் என்று சொல்லப்படும் அங்கீகாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன என்று என் அனுபவத்தில் சொல்வேன். படிக்கும்போது குறை ஒன்றும் தெரியாது. ஆனால் கடிதத்தைப் பெற்றவரிடம் போய், "இவர் உங்களிடம் ஒரு விலையைச் சொன்னால் அது அந்த நிறுவனத்தின் விலையா? இவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததா, இன்னொருவர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாது. எழுதியவரிடம் கேட்டால் அவருக்கும் பெரும்பாலும் தெரியாது. "அதெல்லாம் அவருக்கே தெரியும்" என்பார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

### வீடு பார்க்கப் போன தம்பி

வாடகைக்கு ஒரு வீடு தேடுகிறீர்கள். உங்களால் போக முடியவில்லை, தம்பியை அனுப்புகிறீர்கள். "வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வா" என்று சொன்னால் அவன் வீட்டைப் பார்த்து, வாடகை கேட்டு, முடிந்தால் கொஞ்சம் குறைத்துப் பேசிவிட்டு வந்து உங்களிடம் சொல்வான். முடிவு உங்களுடையது. "பேசி முடித்துவிட்டு வா" என்று சொன்னால் கதை வேறு. அவன் அங்கேயே வாடகையை ஒப்புக்கொண்டு முன்பணமும் கொடுத்துவிட்டு வருவான். வீடு பிடிக்கவில்லை என்று நீங்கள் பிறகு சொல்ல முடியாது.

இடையில் இருப்பது "முடித்து" என்ற ஒரே சொல். நிறுவனத்துக்காகப் பேரம் பேசும் அதிகாரத்துக்கும் கையெழுத்திடும் அதிகாரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், அதில் தவறில்லை. ஒன்றைக் கொடுத்தால் மற்றதும் தானாகவே வந்துவிடும் என்று நினைப்பதுதான் தவறு.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தம்பியிடம் நீங்கள் "பேசிவிட்டு வா" என்று மட்டுமே சொன்னீர்கள். ஆனால் வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில், "தம்பி வருகிறான், அவன் சொல்வதுதான் முடிவு" என்று சொல்லிவிட்டீர்கள். தம்பி போய் முடித்துவிட்டான். இப்போது வீட்டுக்காரரிடம், "அவனைப் பேசத்தான் அனுப்பினேன்" என்றால் அவர் ஏற்பாரா? உங்கள் தம்பியின் காதில் நீங்கள் சொன்னது அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் வாயிலிருந்து அவர் காதில் விழுந்ததை வைத்துத்தான் அவர் நடந்துகொண்டார்.

அங்கீகாரக் கடிதம் என்பது வீட்டுக்காரருக்குச் செய்த அந்தத் தொலைபேசி அழைப்புதான். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

### கடிதம் அதிகாரம் கொடுக்கிறதா, அறிவிக்கிறதா?

புதிய பிரதிநிதிக்கு அதிகாரம் கொடுப்பதுதான் இந்தக் கடிதத்தின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அப்படி இல்லை. அதிகாரம் நிறுவனத்துக்குள்ளே கொடுக்கப்படுகிறது: இயக்குநர் குழுவின் தீர்மானம், பணி நியமன ஆணை, மேலாளர் கொடுக்கும் உள் உத்தரவு என்று ஏதோ ஒரு வழியில். இப்படி நிறுவனம் தன் பிரதிநிதிக்கு உண்மையிலேயே கொடுத்திருக்கும் அதிகாரத்தை உண்மை அதிகாரம் என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் காதில் சொன்னது இது.

கடிதமோ வெளியே இருப்பவருக்குப் போகிறது. அதைப் படித்து, இவருக்கு இன்னின்ன அதிகாரம் இருக்கிறது என்று அவர் நியாயமாக நம்புகிறார் அல்லவா? நிறுவனத்தின் சொல்லோ செயலோ வெளியாரிடம் உருவாக்கும் இந்த அதிகாரத் தோற்றத்தைச் சட்டம் தோற்ற அதிகாரம் என்கிறது. பெயரைக் கேட்டால் வெறும் தோற்றம்தானே என்று தோன்றும். ஆனால் உண்மை அதிகாரம் இல்லாத இடத்திலும் இந்தத் தோற்றம் நிறுவனத்தைக் கட்டிப்போடும்.

இதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கு இருக்கிறது. ஒரு நிலத்தை வாங்கி விற்பதற்காக அமைந்த நிறுவனத்தில், இயக்குநர்களில் ஒருவர் நிர்வாக இயக்குநரைப் போலவே எல்லாவற்றையும் செய்துவந்தார். அவரை அந்தப் பதவியில் யாரும் நியமிக்கவில்லை. மற்ற இயக்குநர்களுக்கு அவர் செய்வது தெரியும், தடுக்கவில்லை. அவர் கட்டடக் கலைஞர்களை வேலைக்கு அமர்த்தினார். அவர்கள் கட்டணம் கேட்டபோது, "அவருக்கு அந்த அதிகாரமே இல்லையே" என்றது நிறுவனம். 1964-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறுவனம் அவரை அப்படி உலவ விட்டது, கட்டடக் கலைஞர்கள் அதை நம்பினார்கள், ஆகவே நிறுவனம் கட்டணத்தைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு வலியுறுத்திய ஒரு விதி நம் கடிதத்துக்கு மிகவும் முக்கியம். தோற்றத்தை உருவாக்க வேண்டியது நிறுவனம்தான், பிரதிநிதி அல்ல. "எனக்கு எல்லா அதிகாரமும் இருக்கிறது" என்று பிரதிநிதி தன் வாயால் சொல்லிக்கொள்வதை மட்டும் நம்பிக் கையெழுத்து வாங்கினால் அது நிற்காது. அவருக்கு அதிகாரம் இருப்பதை அவரல்லாத, அதைச் சொல்லும் தகுதியுள்ள ஒருவர் சொல்ல வேண்டும். கடிதம் வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்பதன் காரணமே இதுதான்.

இதுவரை பார்த்தது: உள்ளே கொடுப்பது உண்மை அதிகாரம், வெளியே தெரிவது தோற்ற அதிகாரம். கடிதம் இரண்டாவதை உருவாக்குகிறது. இரண்டின் எல்லைகளும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. கடிதம் உள் உத்தரவைவிடப் பெரிதாகப் பேசிவிட்டால், கடிதம் பேசிய அளவுக்கு நிறுவனம் பொறுப்பேற்க நேரும்.

### "முழு அதிகாரம்" என்ற இரண்டு சொற்கள்

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அட்டைப் பெட்டிகள் தயாரிக்கிறது. அதன் பெரிய வாடிக்கையாளர் ஒரு சோப்பு நிறுவனம். விற்பனையைப் பார்த்துவந்தவர் விலகியதால் புதியவர் ஒருவர் வருகிறார். அவருக்கு உள்ளே கொடுத்த உத்தரவு தெளிவானது: ஒரு ஆர்டரில் 20,000 பெட்டிகள் வரை, தள்ளுபடி 5 சதவீதம் வரை, எந்த ஒப்பந்தமும் ஓராண்டுக்கு மேல் கூடாது.

சோப்பு நிறுவனத்துக்குப் போன கடிதத்திலோ, பழைய கோப்பிலிருந்து எடுத்த ஒரு வாக்கியம் இருந்தது: "எங்கள் சார்பில் எல்லாப் பேச்சுவார்த்தைகளையும் நடத்தவும், தேவையான அனைத்து ஆவணங்களிலும் கையொப்பமிடவும் இவருக்கு முழு அதிகாரம் அளிக்கப்படுகிறது." கீழே இயக்குநரின் கையெழுத்து, முத்திரை.

நான்காவது மாதத்தில் புதியவர் ஒரு பெரிய விற்பனையைப் பிடித்தார். மூன்றாண்டு ஒப்பந்தம், மாதம் 60,000 பெட்டிகள், 9 சதவீதத் தள்ளுபடி, மூன்றாண்டும் ஒரே விலை. அவரைப் பொறுத்தவரை அது வெற்றி. காகித விலை ஏறினால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்க வேண்டியவர்களிடம் அந்த ஒப்பந்தம் போகவே இல்லை. முதல் மாத ஆர்டர் வந்தபோதுதான் தொழிற்சாலைக்கே விஷயம் தெரிந்தது.

"அவர் எல்லை மீறிவிட்டார்" என்று நிறுவனம் சொல்லலாம். சொல்வது உண்மைதான். உள் உத்தரவை மீறியதற்காக அவர்மீது நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் சோப்பு நிறுவனத்திடம் அந்த வாதம் செல்வது கடினம். அவர்கள் கையில் இருப்பது இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம். அதில் 20,000 இல்லை, 5 சதவீதம் இல்லை, ஓராண்டு இல்லை. பெட்டி விற்கும் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி பெட்டி விற்க ஒப்பந்தம் போட்டதில் சந்தேகப்பட அவர்களுக்கு என்ன இருக்கிறது?

இதற்கும் ஓர் எல்லை உண்டு. அதே கடிதத்தைக் காட்டி அவர் தொழிற்சாலைக் கட்டடத்தையே விற்றிருந்தால், வாங்கியவர் "முழு அதிகாரம் என்று எழுதியிருந்ததே" என்று தப்பிக்க முடியாது. விற்பனைப் பிரதிநிதி கட்டடத்தை விற்பது இயல்புக்கு மாறானது. நிதானமுள்ள எவரும் ஒரு வார்த்தை விசாரித்திருப்பார். தோற்ற அதிகாரம் நியாயமான நம்பிக்கை இருக்கும் இடம் வரைதான் போகும்.

நிறுவனம் செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. ஒப்பந்தம் தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் முதல் மாதச் சரக்கை அனுப்பிப் பணத்தை வாங்கிக்கொண்டு, இரண்டாம் மாதம் மறுப்பது. எல்லை மீறிச் செய்த செயலைப் பிறகு ஏற்றுக்கொள்வதற்குப் பின்னேற்பு என்று பெயர். வாயால் சொல்ல வேண்டியதில்லை, ஏற்றுக்கொண்டவரைப் போல நடந்துகொண்டாலே போதும். மறுப்பதாக இருந்தால் தெரிந்த அன்றே, எழுத்தில் மறுக்க வேண்டும்.

### அதே கடிதத்தைத் திரும்ப எழுதினால்

"முழு" என்ற சொல்லை முதலில் அடித்துவிடுகிறேன். மரியாதைக்காகச் சேர்க்கப்படும் இந்தச் சொல் அங்கீகாரக் கடிதத்தில் செய்யும் வேலை மரியாதைக்குரியதல்ல. பிறகு பேசுவதையும் முடிப்பதையும் தனித்தனிப் பத்திகளாகப் பிரிக்கிறேன்:

> இந்தக் கடிதத்தின் தேதி முதல் வரும் …… தேதி வரை, அட்டைப் பெட்டி விற்பனையின் விலை, அளவு, சரக்கு வழங்கும் நாள் ஆகியவை குறித்து இவர் எங்கள் சார்பில் உங்களுடன் பேச்சுவார்த்தை நடத்துவார்.
>
> ஒரு நாட்காட்டி மாதத்தில் மொத்தம் 20,000 பெட்டிகளுக்கும், விலைப்பட்டியலிலிருந்து 5 சதவீதத் தள்ளுபடிக்கும் மிகாத ஆர்டர்களை உறுதிசெய்து இவர் எங்கள் சார்பில் கையொப்பமிடலாம்.
>
> இதற்கு மேற்பட்ட எதுவும், ஓராண்டுக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தமும், எங்கள் இயக்குநர் ஒருவரும் கையொப்பமிட்டால் மட்டுமே எங்களைக் கட்டுப்படுத்தும். அதுவரை இவர் நேரிலோ தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ தெரிவிக்கும் இசைவு பேச்சுவார்த்தையின் பகுதியாகவே கருதப்படும்.

இரண்டாவது பத்தியில் "ஒரு ஆர்டருக்கு" என்பதை "ஒரு மாதத்தில் மொத்தம்" என்று மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். ஒரு ஆர்டருக்கு 20,000 என்று எழுதினால், ஒரே நாளில் மூன்று ஆர்டர்களாகப் பிரித்து 60,000-ஐ முடித்துவிடலாம். கெட்ட எண்ணம் இல்லாதவர்களும் அவசரத்தில் இதைச் செய்வார்கள்.

மூன்றாவது பத்தியின் கடைசி வாக்கியம்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுவது. கையெழுத்து இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்பது பொதுவான ஒரு தவறான நம்பிக்கை. பல வகை ஒப்பந்தங்களுக்குக் கையெழுத்தே தேவையில்லை. "சரி, அந்த விலைக்கே வைத்துக்கொள்ளலாம், அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறோம்" என்ற ஒரு மின்னஞ்சல் போதும். பேச மட்டும் அனுப்பப்பட்டவர் பேச்சிலேயே முடித்துவிடும் இடம் இது. எது பேச்சு, எது முடிவு என்பதைக் கடிதம் சொல்லிவிட வேண்டும்.

எல்லையை எதிர்த்தரப்புக்கு வெளிப்படையாகச் சொன்னால் நம் பிரதிநிதியின் கை தாழ்ந்துவிடாதா, 5 சதவீதம் வரை போவார் என்று தெரிந்தால் அங்கிருந்தே பேரத்தைத் தொடங்க மாட்டார்களா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அப்படியானால் தள்ளுபடி வரம்பைக் கடிதத்தில் எழுதாமல், "விலைப்பட்டியலிலிருந்து மாறுபடும் எந்த விலைக்கும் எங்கள் அலுவலகத்தின் எழுத்துமூல உறுதி தேவை" என்று எழுதலாம். பேரத்துக்கான இரகசியம் உள்ளே இருக்கும், கட்டுப்பாடு வெளியே தெரியும்.

சுருக்கமாக: எதைப் பேசலாம், எதை முடிக்கலாம், எதை இன்னொருவர் கையெழுத்தின்றி முடிக்க முடியாது, எந்த நாள் வரை. இந்த நான்கும் கடிதத்தில் இருந்தால், அலங்கார வாக்கியங்கள் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும்.

### கடிதத்தில் யார் கையெழுத்திட வேண்டும்?

தன்னிடம் இல்லாததை ஒருவர் பிறருக்குக் கொடுக்க முடியாது. ஓராண்டு ஒப்பந்தம் வரைதான் அதிகாரம் உள்ள மேலாளர், மூன்றாண்டு ஒப்பந்தம் போட இன்னொருவருக்கு அங்கீகாரம் கொடுக்க இயலாது. ஆகவே கடிதத்தில் கையெழுத்திடுபவர் அதில் சொல்லப்படும் அளவுக்காவது அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். பெரிய விஷயங்களில் இயக்குநர் குழு தீர்மானத்தின் சான்றிட்ட நகலை இணைப்பது இதற்காகத்தான். புதிய பிரதிநிதியே தன் கடிதத்தில் கையெழுத்திடுவது நான் பார்த்திருக்கும் வேடிக்கைகளில் ஒன்று. லெட்டர்ஹெட்டில் இருந்தாலும் அது அவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதுதான்.

புதியவரின் மாதிரிக் கையொப்பத்தையும் கடிதத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. பின்னால் வரும் ஆவணங்களில் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்த்தரப்புக்கு அது உதவும். அவர் கையெழுத்திடும்போது நிறுவனத்தின் பெயரை எழுதி, "சார்பில்" என்று குறித்து, அதன்கீழ் தன் பெயரும் பதவியும் போட வேண்டும். வெறும் பெயரை மட்டும் எழுதினால், அவர் தனக்காகவே கையெழுத்திட்டாரா என்ற கேள்வி எழும். புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஏனோ யாரும் சொல்வதில்லை.

### பழையவர் இன்னும் போகவில்லை

புதியவரை அறிமுகம் செய்யும் கடிதத்தில் பலர் பழையவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. விலகியவர் விலகியவர்தானே என்று நினைக்கிறார்கள். நிறுவனத்துக்குள் அது சரி. வெளியில், பழையவரைப் பற்றி நீங்கள் முன்பு அனுப்பிய கடிதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் கடிதம் உருவாக்கிய தோற்றம், அதை நம்பியவருக்கு "முடிந்துவிட்டது" என்று தெரியும்வரை தொடரும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 208-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது: பிரதிநிதியின் அதிகாரம் முடிவது, வெளியாரைப் பொறுத்தவரை, அவர்களுக்கு அது தெரியவரும்போதுதான். ஜெர்மனியின் உரிமையியல் சட்டத் தொகுப்பின் 170-ஆம் பிரிவும் இதே வழியில் போகிறது. வெளியாரிடம் நேரடியாகச் சொல்லிக் கொடுத்த அதிகாரம், முடிந்துவிட்டதென அவருக்கு அறிவிக்கப்படும்வரை அவரிடம் செல்லுபடியாகும்.

நம் அட்டைப் பெட்டிக் கதையில், விலகிய பழையவர் பத்து நாள் கழித்து சோப்பு நிறுவனத்திடம் ஒரு ஆர்டரை உறுதிசெய்து கையெழுத்திட்டால்? புதியவரைப் பற்றிய கடிதம் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் அதில், "இவருக்குப் பதிலாக" என்று இல்லை. இரண்டு பிரதிநிதிகள் இருக்கிறார்கள் போலும் என்று அவர்கள் எண்ணினால் அதில் தவறு காண முடியாது.

ஆகவே கடிதத்தில் இப்படி ஒரு வாக்கியம் வேண்டும்: "…… தேதியிட்ட எங்கள் கடிதத்தின் மூலம் முந்தைய பிரதிநிதிக்கு அளித்த அதிகாரம் …… தேதியுடன் முடிவடைந்தது." அதோடு, பாதியில் நிற்கும் பேச்சின் நிலையையும் சொல்ல வேண்டும். பழையவர் சென்ற மாதம் கொடுத்த விலைப்புள்ளி இன்னும் செல்லுமா, திரும்பப் பெறப்படுகிறதா? இதைச் சொல்லாமல் விட்டால், புதியவர் முதல் சந்திப்பிலேயே, "உங்களுக்கு முன்னால் வந்தவர் ஒப்புக்கொண்டாரே" என்ற பதிலைச் சந்திப்பார். கடிதம் யார் யாருக்கெல்லாம் போக வேண்டும் என்பதற்குப் பழைய கடிதம் போன பட்டியலே அளவுகோல். அதிலுள்ள ஒருவரை விட்டாலும் அவரிடம் பழையவர் இன்னும் பிரதிநிதிதான்.

### இப்போது நீங்கள் எதிர்ப்பக்கத்தில்

உங்கள் மேசைக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் புதியவரே. மரியாதையாகப் பேசுகிறார். கடிதம் உண்மையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. இருந்தாலும் அதை அனுப்பிய நிறுவனத்தை ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அல்ல, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு. போலிக் கடிதம் தயாரிப்பவர் அதில் தன் எண்ணையே போட்டிருப்பார்.

புதிய பிரதிநிதியோடு சேர்ந்து புதிய வங்கிக் கணக்கும் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பேசவும் கையெழுத்திடவும் வந்தவருக்குப் பணம் போகும் இடத்தை மாற்றும் அதிகாரம் தேவையில்லை. நேர்மையான நிறுவனமே, "வங்கிக் கணக்கு மாற்றம் குறித்து இவர் மூலம் வரும் எந்த அறிவிப்பையும் ஏற்க வேண்டாம்" என்று தன் கடிதத்தில் எழுதிவிடுவது உத்தமம்.

அவருக்கு அதிகாரமே இல்லை என்று பிறகு தெரிந்தால் உங்களுக்கு வழியே இல்லை என்பதில்லை. இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டியவர், அதனால் வந்த இழப்புக்குத் தானே பொறுப்பு என்பது 1857-லேயே ஓர் ஆங்கிலேய நீதிமன்றம் நிலைநாட்டிய கொள்கை. ஆனால் மூன்றாண்டு ஒப்பந்தத்தின் இழப்பை ஒரு தனிமனிதரிடமிருந்து வசூலிப்பது ஏட்டில் மட்டும் நடக்கக்கூடியது.

கடிதம் நான் தொடக்கத்தில் காட்டியதைப் போல, "பிரதிநிதியாகச் செயல்படுவார்" என்று மட்டும் சொன்னால், அதில் கையெழுத்திட்டவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி ஒரே கேள்வி கேளுங்கள்: "இவர் எங்களுடன் பேசத்தானா, பேசி முடிக்கவுமா? முடிக்கலாம் என்றால் எந்த அளவு வரை?" பதில் வந்ததும் அதைக் கடிதத்தோடு சேர்த்து ஒரே கோப்பில் வைத்துவிட்டு, பிறகு பேரத்தைத் தொடங்குங்கள்.